ஏழாவது ஸ்லைடு: சொல்லை மாற்றுவதா, எழுத்தைச் சுருக்குவதா?

பேக்கப் எடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் 24 ஸ்லைடுகளைத் தமிழாக்கும் வேலை ஒன்று வந்தது. வகுப்பில் உட்காரப் போகிறவர்கள் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள். தினமும் அதே மென்பொருளைத் திறப்பவர்கள்தான், ஆனால் ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் பலருக்கு இல்லை. வகுப்பும் தமிழில்தான். முதல் ஆறு ஸ்லைடுகளை ஓட்டமாக முடித்துவிட்டு ஏழாவதில் வந்து நின்றேன்.

அதில் இடது பாதியில் எழுத்து, வலது பாதியில் ஒரு வாரத்தின் நாட்களைக் காட்டும் படம். எழுத்துப் பகுதியில் மூன்றே குறிப்புகள்: பேக்கப்பின் மூன்று வகைகள். ஆங்கிலத்தில் 28 பாயின்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என் முதல் தமிழ் வரைவு இப்படி இருந்தது:

> காப்புப் பிரதியெடுத்தலின் வகைகள்
>
> • முழுமையான காப்புப் பிரதி: தேர்ந்தெடுக்கப்பட்ட அனைத்துக் கோப்புகளும் ஒவ்வொரு முறையும் நகலெடுக்கப்படுகின்றன
>
> • அதிகரிப்புக் காப்புப் பிரதி: கடைசியாக மேற்கொள்ளப்பட்ட காப்புப் பிரதியெடுத்தலுக்குப் பிறகு மாற்றப்பட்ட கோப்புகள் மட்டும் நகலெடுக்கப்படுகின்றன
>
> • வேறுபாட்டுக் காப்புப் பிரதி: கடைசியாக மேற்கொள்ளப்பட்ட முழுமையான காப்புப் பிரதியெடுத்தலுக்குப் பிறகு மாற்றப்பட்ட கோப்புகள் மட்டும் நகலெடுக்கப்படுகின்றன

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பெட்டியைத் தாண்டிக் கீழே வழிந்தது, அது ஒன்று. அதைவிட மோசம், இரண்டாவது குறிப்பும் மூன்றாவது குறிப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ‘முழுமையான’ என்ற ஒரே சொல்லில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்த ஸ்லைடே இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். கலைச்சொல்லை எந்த வடிவத்தில் வைப்பது என்பது ஒன்று, இடம் போதாததற்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. பெரும்பாலும் முதல் முடிவை ஒருவர் எடுத்து முடித்துவிட்டு, இரண்டாவதை ஸ்லைடை அழகுபடுத்துபவரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அப்படிப் பிரித்தால் இரண்டும் கெடும். சொல்லின் நீளம்தான் இடத்தைத் தின்கிறது. இடம் இல்லாதபோது முதலில் பலியாவதும் அந்தச் சொல்லைப் புரியவைக்கும் வரிதான்.

சொல்லுக்கு இருந்த வழிகள்

முதல் வழி, ஆங்கிலக் கலைச்சொற்கள் அத்தனையையும் ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது. பேக்கப், ரீஸ்டோர், இன்கிரிமென்டல், ரிடென்ஷன். பாடம் எடுப்பவர் வாயில் வருவதும் இதுதான், கேட்பவர் வேலையிடத்தில் பேசுவதும் இதுதான். மொழிபெயர்ப்பவருக்கும் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காதில் பழகிய சொல் கண்ணுக்கும் பழகியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ‘பேக்கப்’ என்பதை ஒரே பார்வையில் படித்துவிடலாம். ‘இன்கிரிமென்டல்’ என்பதை முதன்முறை பார்ப்பவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதற்குள் ஸ்லைடு மாறிவிடும்.

இன்னொரு சிக்கல், தமிழ் எழுத்தில் சில சொற்கள் ஒன்றோடொன்று மோதும். மென்பொருளில் ஓட்டையை அடைக்கும் திருத்தமும் ‘பேட்ச்’, வேலைகளை மொத்தமாகச் சேர்த்து இரவில் ஓட்டும் தொகுதியும் ‘பேட்ச்’. ப-வுக்கு ஒரே எழுத்துதான் இருக்கிறது, என்ன செய்வது? பேசும்போது வேறுபடும், எழுத்தில் வேறுபடாது. என் 24 ஸ்லைடுகளில் இரண்டுமே இருந்தன. ரிடென்ஷனும் ரிடன்டன்சியும் மோதவில்லைதான், ஆனாலும் பின்வரிசையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே உருவம்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் தமிழ்ச்சொல்லாக்குவது. கோப்பு, நகல், தரவு, கடவுச்சொல் போன்றவற்றில் வாதமே இல்லை. அவை நிலைத்துவிட்ட சொற்கள், ஆங்கிலத்தின் ஒலிபெயர்ப்பைவிடச் சின்னவையும்கூட. சிக்கல் நிலைக்காத சொற்களில்தான். ‘இன்கிரிமென்டல்’ என்பதற்கு ‘அதிகரிப்பு’ என்று அகராதிப் பொருளைப் போட்டேன் அல்லவா, அதைப் படிப்பவர் பேக்கப்பின் அளவு கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பார். உண்மையில் அளவு கூடிக்கொண்டே போவது இன்னொரு வகை. அடுத்த முழு பேக்கப் எடுக்கும்வரை நாளுக்கு நாள் பெருப்பது மூன்றாவது குறிப்பில் இருக்கும் டிஃபரன்ஷியல்தான். ஆக, அகராதியை நம்பியதால் பாடம் தலைகீழாகிவிட்டது.

‘ரீஸ்டோர்’ இன்னும் ஆபத்தானது. அதற்கு ‘மீட்டமை’ என்று எழுதுவதுண்டு. ஆனால் அதே ‘மீட்டமை’ ரீசெட்டுக்கும் வழங்குகிறது. ஒன்று போன தரவைத் திரும்பக் கொண்டுவருவது, மற்றொன்று இருப்பதைத் துடைத்துவிட்டு ஆரம்ப நிலைக்குப் போவது. பேக்கப் வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் சொல்ல எனக்குத் துணிவில்லை. தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘மீட்டெடு’ பாதுகாப்பானது.

தமிழ்ச்சொல்லை எழுதிப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தையும் வைப்பது மூன்றாவது வழி. கட்டுரையில் ஒரு முறை செய்யலாம். ஸ்லைடில் வேண்டாம். ஒரே சொல்லுக்கு இரண்டு மடங்கு இடம் போகும், கண்ணும் இரண்டு எழுத்துமுறைக்கு நடுவே தாவிக்கொண்டே இருக்கும். கையில் கொடுக்கும் அச்சுப் பிரதியின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் போட்டுவிட்டால் இந்தத் தேவையே தீர்ந்துவிடும்.

நான் எடுத்தது நான்காவது வழி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: வகுப்பு முடிந்து போனபின் இவர் இந்தச் சொல்லை எங்கே சந்திக்கப் போகிறார்? மென்பொருளின் பொத்தானில் என்றால், அங்கே தெரிகிற வடிவம் ஸ்லைடிலும் அப்படியே இருக்க வேண்டும். `Restore` என்று எழுதியிருக்கும் பொத்தானைத் தேடப் போகிறவரிடம் ‘மீட்டெடு’ பொத்தானை அழுத்தச் சொல்வது வீண் அலைச்சல். சக பணியாளரின் வாயில்தான் சந்திப்பார் என்றால் பேக்கப், சர்வர் என்று தமிழ் எழுத்தில் இருக்கலாம். இந்த இரண்டிலும் சேராமல், வகுப்பில் புரிந்துகொள்ள மட்டுமே தேவைப்படும் கருத்து என்றால் அது தமிழில்தான் வர வேண்டும், கலைச்சொல்லே இல்லாமல் வந்தாலும் சரி.

இந்த வழியிலும் தொல்லை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் நிற்கும் சொல்லுக்கு வேற்றுமை உருபு ஒட்டாது. `Restore`-ஐ என்று இடைக்கோடு போட்டு ஒட்டினால், குறுகிய பெட்டியில் கோட்டோடு ஒரு வரி முடிந்து அடுத்த வரியில் ‘ஐ’ மட்டும் அநாதையாக நிற்கும். பின்னால் ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லை வைத்து அதில் உருபை ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது: `Restore` பொத்தானை அழுத்தவும், `Schedule` பக்கத்தைத் திறக்கவும். ஒரு சொல் கூடுகிறதுதான், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

(‘முழுப் பேக்கப்’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதலாம். நான் எழுதவில்லை. எதைத் தேர்ந்தாலும் 24 ஸ்லைடிலும் ஒன்றுபோல இருந்தால் சரி.)

இடத்துக்கு இருந்த வழிகள்

சும்மா விட்டாலே நடந்துவிடுவது எழுத்து சுருங்குவது. பவர்பாயின்டில் எழுத்துப் பெட்டிக்கு `Shrink text on overflow` என்ற அமைப்பு இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால் நாம் தட்டத் தட்ட எழுத்து சத்தமில்லாமல் சிறுத்துக்கொண்டே போகும், வழிவதே கண்ணில் படாது. ஏழாவது ஸ்லைடில் அதை இயக்கிப் பார்த்தேன். பிறகு கோப்பின் பெயரில் `.pptx` என்பதை `.zip` என்று மாற்றித் திறந்து, `ppt/slides/slide7.xml` கோப்புக்குள் பார்த்தால் இந்த வரி இருந்தது:

```xml
<a:normAutofit fontScale="70000" lnSpcReduction="20000"/>
```

70000 என்றால் 70 சதவீதம். 28 பாயின்ட் எழுத்து 19.6 பாயின்டாக இறங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கும் 20000 வரி இடைவெளியில் 20 சதவீதத்தைக் குறைக்கிறது, தமிழுக்கு அதிகம் வலிப்பது அதுதான். ஆங்கிலத்தில் சில எழுத்துகள் மட்டுமே மேலேயும் கீழேயும் நீளும். தமிழில் மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகர ஊகார வால்களும் வரிக்கு வரி இருக்கும். இடைவெளியைக் குறைத்தால் மேல் வரியின் ‘மு’வின் வால் கீழ் வரியின் ‘கி’யின் கொக்கியைத் தொடும். திரையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது இது தெரியாது. எட்டு பத்து அடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டு வரியும் ஒரே கறையாகத் தெரியும்.

அத்துடன், இந்தச் சுருக்கம் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். ஒரு ஸ்லைடில் 26, அடுத்ததில் 20, அதற்கடுத்ததில் 24 என்று எழுத்து பெரிதாவதும் சிறிதாவதுமாக இருக்கும். தமிழாக்கத்துக்கு உட்காரும் முன்பே எல்லாப் பெட்டிகளிலும் `Do not Autofit` என்று மாற்றிவிடுவேன். வழிந்தால் வழியட்டும், எது பொருந்தவில்லை என்று கண்ணுக்காவது தெரியும்.

ஸ்லைடை இரண்டாகப் பிரிப்பது நேர்மையான வழி. பல ஸ்லைடுகளில் அதுவே சரியும்கூட. ஏழாவதில் முடியாது. மூன்று வகைகளையும் ஒரே பார்வையில் ஒப்பிடத்தான் அவை ஒன்றாக இருக்கின்றன, இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் போனால் ஒப்பிட எதுவும் இருக்காது. பிரித்தால் ஸ்லைடு எண்களும் தள்ளிப்போகும். ‘12ஆவது ஸ்லைடைப் பார்க்கவும்’ என்று எங்காவது ஒரு மூலையில் எழுதியிருந்தால் அது தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். என் கோப்பில் அப்படி மூன்று இடங்கள் இருந்தன.

விளக்கத்தை எடுத்துக் குறிப்புப் பகுதியில், அதாவது `Notes` பெட்டியில் போடலாம். பாடம் எடுப்பவருக்கு உதவும். ஆனால் வகுப்புக்குப் பிறகு ஸ்லைடுகளை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் குறிப்புகள் அதில் வராது, `Notes Pages` என்று தேர்ந்து அச்சிட்டால்தான் வரும். அதனால் பேசும்போது சொல்வதைக் குறிப்பில் போடலாம். மறந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியதைப் போடக் கூடாது.

மிச்சம் இருப்பது வாக்கியத்தையே மாற்றி எழுதுவது. என் கணக்கில் பாதிக்கு மேல் இடம் கிடைப்பது இங்கேதான். முதல் வரைவில் எதெல்லாம் இடத்தைத் தின்றது என்று பாருங்கள். ‘மேற்கொள்ளப்பட்ட’ எந்தப் பொருளும் தரவில்லை. ‘நகலெடுக்கப்படுகின்றன’ மூன்று குறிப்பிலும் வருகிறது. ‘காப்புப் பிரதி’ ஏழு எழுத்து, அது தலைப்பிலும் ஒவ்வொரு குறிப்பிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையை அப்படியே இழுத்து வந்ததால் நேர்ந்த வினை இது. மூன்று குறிப்புக்கும் பொதுவான வினையைத் தலைப்புக்கு ஏற்றிவிட்டால், கீழே பெயர்ச்சொல் மட்டும் நின்றால் போதும். தமிழில் வினை கடைசியில் வருவதால் அதை வெட்டினாலும் வரி முறிந்ததுபோல் தெரியாது.

இதில் ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர் சிலர் ‘ஒரு வரிக்கு 40 கேரக்டருக்கு மேல் வேண்டாம்’ என்று அளவு கொடுத்துவிடுவார்கள். கணினி எண்ணும் கேரக்டர் நம் எழுத்து அல்ல. ‘தொழில்நுட்பம்’ நமக்கு ஏழு எழுத்து, கணினிக்கு 13. புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியாக எண்ணும். இன்னொரு பக்கம், ஒரே எண்ணிக்கையில் இருக்கும் இரண்டு சொற்களில் ‘ணை’யும் ‘ஞ’வும் வரும் சொல் அகலமாகவும் ‘ர’வும் ‘ட’வும் வரும் சொல் ஒடுக்கமாகவும் இருக்கும். எண்ணிக்கையை நம்பாமல் அதே பெட்டியில், அதே எழுத்துருவில் தட்டிப் பார்ப்பதுதான் ஒரே அளவுகோல்.

அந்த எழுத்துரு எது என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். வடிவமைப்பாளர் அழகான ஆங்கில எழுத்துரு ஒன்றைத் தேர்ந்திருப்பார். அதில் தமிழ் இருக்காது, அப்போது மென்பொருள் தானாக வேறொன்றை எடுத்துக்கொள்ளும். எதை எடுக்கும் என்பது கணினிக்குக் கணினி மாறும். ஆஃபீஸின் வழக்கமான தீமில் தமிழுக்கு என்று லதா எழுத்துரு குறித்திருக்கும். வேறு கணினியில் நிர்மலாவோ வேறொன்றோ வரலாம். அகலம் மாறினால் வரி உடையும் இடமும் மாறும். நாம் பார்த்துப் பார்த்துப் பொருத்திய ஸ்லைடு, வகுப்பறைக் கணினியில் ஒரு வரி கூடுதலாகி வழிந்து நிற்கும்.

ஏழாவது ஸ்லைடு கடைசியில் எப்படி ஆனது

வலது பாதிப் படத்தில் ஒரு கதை இருந்தது. ஞாயிறு இரவு முழு பேக்கப். திங்கள், செவ்வாய், புதன் இரவுகளில் சின்ன பேக்கப். வியாழன் பகலில் வட்டு பழுதாகிறது. அந்தச் சின்ன பேக்கப்கள் இன்கிரிமென்டல் என்றால், மீட்க ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நான்கும் வேண்டும். நடுவில் ஒன்று கெட்டிருந்தாலும் அதற்கடுத்தவற்றை நம்ப முடியாது. டிஃபரன்ஷியல் என்றால் ஞாயிறும் புதனும் போதும், இரண்டே. புதனன்று எடுத்ததில் மூன்று நாள் மாற்றமும் இருக்கிறது.

இதை நிதானமாகப் படித்தபோதுதான் எனக்கே பிடிபட்டது. இரண்டு வகைக்கும் நடுவே இருப்பது ஒரே கேள்வி: எப்போதிலிருந்து மாறியதை எடுக்கிறோம்? அதற்குக் கலைச்சொல் தேவையே இல்லை. ஆனால் மென்பொருளின் பட்டியலில் இந்த இரண்டு பெயர்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, பணியாளர் அங்கே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அதனால் பெயர் திரையில் தெரிவதுபோல, விளக்கம் தமிழில்:

> பேக்கப்: எதை நகலெடுக்கிறோம்?
>
> • `Full`: எல்லாக் கோப்பும்
>
> • `Incremental`: முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியவை
>
> • `Differential`: கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை

28 பாயின்டில், இடைவெளி குறையாமல், பாதி ஸ்லைடுக்குள் நின்றது. ‘முழு’ என்ற சொல்லைத் தடிப்பாக்கினேன். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போட்டு அழுத்தம் காட்டியிருந்தார்கள். தமிழில் அந்த வசதி இல்லை, சாய்வெழுத்தும் அவ்வளவாக எடுபடாது. தடிப்பு ஒன்றுதான் மிச்சம், அதையும் ஸ்லைடுக்கு ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொண்டேன். ‘ஒன்று கெட்டால் அடுத்தவை போச்சு’ என்ற விஷயம் குறிப்புப் பகுதிக்குப் போனது. ‘மீட்க எத்தனை வேண்டும்’ என்பதைப் படத்துக்குள்ளேயே 4, 2 என்று இரண்டு எண்களாக வைத்துவிட்டேன்.

எல்லா ஸ்லைடும் இப்படி இழுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று என்று பேக்கப்காரர்கள் சொல்லும் விதி ஒன்பதாவதில் இருந்தது. அது தமிழில் ஆங்கிலத்தைவிடச் சின்னதாகவே வந்தது: ‘மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில்.’ பேட்ச் மோதலையும் ஒரு பக்கத்தைத் தமிழாக்கித் தீர்த்தேன். திருத்தத்தைப் ‘பேட்ச்’ என்றே விட்டுவிட்டு, இரவில் ஓடுவதை ‘இரவு வேலைத் தொகுதி’ ஆக்கினேன். இரண்டு சொல் கூடுதல். அந்த ஸ்லைடில் இடம் இருந்தது.

முடித்தபின் பாடம் எடுக்கப் போகும் அம்மாவை உட்காரவைத்து, ஸ்லைடுகளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் தடுக்கிய இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டேன். ஏழாவதைத் தடுமாறாமல் கடந்தார். 15ஆவதில் ஓர் அட்டவணை, அதன் கடைசிப் பத்தி மிகக் குறுகலானது. அதன் தலைப்பில் ‘ரிடென்ஷன்’ என்று விட்டிருந்தேன். அது பெட்டிக்குள் அடங்காமல் ‘ரிடென்ஷ’ ஒரு வரியிலும் ‘ன்’ அடுத்த வரியிலுமாக உடைந்திருந்தது. ‘தக்கவைப்புக் காலம்’ போட்டுப் பார்த்தேன், அதுவும் உடைந்தது.

அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன சார், பேக்கப்ப எத்தன நாள் வெச்சிருக்கணும்னுதான கேக்குது?” என்றார்.

“ஆமாம்மா.”

“அப்ப அதையே போடுங்களேன்.”

அந்தப் பத்தியின் தலைப்பு இப்போது ‘எத்தனை நாள்?’ என்று இருக்கிறது. கீழே 7, 30, 365 என்ற எண்கள்.